ஆய்வுக் கட்டுரையை நடுவிலிருந்து படியுங்கள்

2020 ஜூன் 16 அன்று ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் குழு ஒன்று ஒரு செய்தியை வெளியிட்டது. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கோவிட் நோயாளிகளின் உயிரிழப்பைக் குறைக்கிறது என்பதுதான் செய்தி. அறுபது ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கும் மருந்து, எந்த ஊர் மருந்துக் கடையிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கும். உலகமே ஒரு மருந்துக்காகத் தவித்துக்கொண்டிருந்த நேரம் அது. செய்தி காட்டுத்தீயாகப் பரவியது. பரவும்போது அதிலிருந்து ஒரு பாதி உதிர்ந்துபோனது: எந்த நோயாளிக்கு?

அடுத்த ஆண்டு இரண்டாம் அலையில், மூச்சுத்திணறலே இல்லாதவர்கள்கூட வீட்டில் இருந்தபடி ஸ்டீராய்டு மாத்திரை விழுங்கினார்கள். காய்ச்சல் தொடங்கிய இரண்டாம் நாளே விழுங்கியவர்களும் உண்டு. லேசான நோய்க்கு ஸ்டீராய்டு எடுக்காதீர்கள் என்று அப்போதைய டெல்லி எய்ம்ஸ் இயக்குநர் ரந்தீப் குலேரியா வெளிப்படையாக எச்சரிக்க வேண்டி வந்தது. கருப்புப் பூஞ்சை நோய் பரவி, 2021 மே மாதம் தமிழக அரசு அதை அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோயாக அறிவித்தது. அதற்கு ஸ்டீராய்டு மட்டுமே காரணமல்ல, கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய்க்கும் பெரிய பங்கு உண்டு. ஆனால் தேவையில்லாமலும் அளவுக்கு மீறியும் கொடுக்கப்பட்ட ஸ்டீராய்டு அந்தக் கணக்கில் இருக்கிறது என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது, ஆய்வாளர்கள் எதையும் மறைக்கவில்லை என்பது. "எந்த நோயாளிக்கு" என்ற கேள்விக்கான பதில் அவர்களுடைய கட்டுரையில் பளிச்சென்று இருந்தது. நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த அந்தக் கட்டுரை 12 பக்கம். அதில் ஒரே ஒரு படத்தில், மூன்றே வரிசைகளில் அந்தப் பதில் அடங்கிவிடுகிறது. மருத்துவம் படிக்காத ஒருவர் அந்தப் படத்தைக் கண்டுபிடித்துப் புரிந்துகொள்ள அரைமணி நேரம் போதும். முதல் பக்கத்தின் முதல் வரியில் தொடங்கி ஒழுங்காகப் படித்துக்கொண்டு போனால் மட்டும் போதாது. அப்படிப் படிப்பவர் பெரும்பாலும் நான்காம் பக்கத்தில் களைத்துவிடுவார்.

ஆய்வுக் கட்டுரை கதை மாதிரி எழுதப்படுவதில்லை. தலைப்பு, சுருக்கம், முன்னுரை, ஆய்வு முறை, முடிவுகள், விவாதம், பின்னிணைப்பு என்று அதற்கு ஒரு கட்டுமானம் உண்டு. எந்தத் தகவல் எந்த அறையில் இருக்கும் என்பது கிட்டத்தட்ட உறுதி. நமக்கு வேண்டியது எந்த அறையில் இருக்கிறது என்று முதலில் எட்டிப் பார்த்துவிட்டு, அந்த அறைக்குள் மட்டும் போய் உட்கார்வதுதான் வழி. கணினி வலைப்பின்னல் துறைப் பேராசிரியர் எஸ். கேஷவ் 2007இல் இதைப் பற்றி இரண்டு பக்கக் கட்டுரை ஒன்று எழுதினார். ஒரு கட்டுரையை மூன்று சுற்றாகப் படிக்கச் சொல்கிறார் அவர். முதல் சுற்றுக்கு ஐந்து முதல் பத்து நிமிடம், இரண்டாவதற்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம். மூன்றாவது, அந்தக் கட்டுரையை நாமே எழுதியிருந்தால் எப்படி எழுதியிருப்போம் என்ற அளவுக்கு ஆழமாகப் போவது. மூன்றாவது சுற்று ஆராய்ச்சி மாணவருக்கும் அதே துறைக்காரருக்கும் உரியது. மற்றவர்களுக்கு முதல் சுற்றும், இரண்டாவதில் பாதியும் போதும்.

டெக்சாமெத்தசோன் கட்டுரையையே எடுத்து வைத்துப் பார்க்கலாம்.

முதல் பத்து நிமிடம். தலைப்பைப் படியுங்கள். கோவிட் காரணமாக மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்ட நோயாளிகளுக்கு டெக்சாமெத்தசோன், அவ்வளவுதான் தலைப்பு. "மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்ட" என்ற சொற்களில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள். வீட்டில் இருக்கும் நோயாளியைப் பற்றி இந்தக் கட்டுரை எதுவுமே சொல்லப்போவதில்லை என்பது தலைப்பிலேயே முடிவாகிவிட்டது. இவ்வளவு பெரிய செய்தி அங்கேயே கிடைத்துவிடுகிறது, ஆனாலும் தலைப்பைத் தாண்டிப் போகும் அவசரத்தில் கண் அதைத் தவறவிடும்.

அடுத்து சுருக்கம். இதை முடிவுக்காகப் படிக்காமல் கேள்விக்காகப் படிக்க வேண்டும். என்ன கேட்டார்கள், யாரிடம் கேட்டார்கள், எதை அளந்தார்கள் என்ற மூன்றும் தெரிந்தால் போதும். கேட்டது, தினமும் 6 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் பத்து நாள் வரை கொடுத்தால் பலன் உண்டா என்பது. யாரிடம் என்றால், பிரிட்டன் மருத்துவமனைகளில் இருந்த நோயாளிகளிடம். மருந்து பெற்றவர்கள் 2104 பேர், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் 4321 பேர். அளந்தது, 28 நாளுக்குள் எத்தனை பேர் இறந்தார்கள் என்பது. இந்த மூன்றையும் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

சுருக்கத்தில் முடிவும் இருக்கும். அதைப் படித்தாலும் ஏற்றுக்கொள்ள அவசரப்பட வேண்டாம். சுருக்கம் என்பது ஆய்வாளர் தன் கடையின் வாசலில் எடுத்து வைக்கும் சரக்கு. இந்தக் கட்டுரையின் சுருக்கம் நேர்மையானது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை என்பதை அங்கேயே சொல்லிவிட்டார்கள். எல்லாச் சுருக்கங்களும் இப்படி இருப்பதில்லை. "இறப்பு 30 சதவீதம் குறைந்தது" என்று எழுதிவிட்டு எத்தனை பேரில் எத்தனை பேர் என்று சொல்லாத சுருக்கங்கள் ஏராளம். நூறு பேரில் மூவர் இறந்த இடத்தில் இருவர் இறந்தாலும், முப்பது பேர் இறந்த இடத்தில் இருபது பேர் இறந்தாலும் சதவீதம் ஒன்றுதான். சுருக்கத்தில் ஆள் கணக்கு இல்லையென்றால் அட்டவணையில் தேட வேண்டிய முதல் விஷயம் அதுவே.

பிறகு முன்னுரையை அப்படியே தாண்டிவிடுங்கள். நோய் எப்படிப் பரவியது, முன்பு யார் என்ன செய்தார்கள் என்ற பின்னணி அங்கே இருக்கும். துறைக்குப் புதியவருக்குப் பயன்படும், ஆனால் இப்போது வேண்டாம். கட்டுரை முழுவதையும் வேகமாகப் புரட்டி, உபதலைப்புகளையும் படங்களின் கீழே உள்ள குறிப்புகளையும் மட்டும் படியுங்கள். புரியாத சொல் வந்தால் நிற்க வேண்டாம், அடிக்கோடு போட்டுவிட்டு நகருங்கள். அவற்றில் முக்கால்வாசியைத் தெரிந்துகொள்ளாமலே கட்டுரையை முடித்துவிட முடியும். மீதியை, முக்கியமான படத்தில் அவை மறுபடி எதிர்ப்படும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இந்தப் பத்து நிமிடத்தின் முடிவில் ஒரு முடிவெடுக்க வேண்டும்: இதை மேலே படிப்பதா, மூடி வைப்பதா? கையில் எடுத்த கட்டுரைகளில் பெரும்பாலானவற்றை இந்த இடத்தில் மூடிவிடுவது தப்பே இல்லை. நம் கேள்விக்கும் அந்த ஆய்வின் கேள்விக்கும் தொடர்பில்லை என்று தெரிந்த பிறகும், எடுத்ததை முடிக்க வேண்டுமே என்று படித்துக்கொண்டிருப்பது பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம். எலியிடம் செய்த சோதனையைப் படித்து மனிதனுக்கான மருந்தை முடிவு செய்யப்போவதில்லை என்றால், எலி என்ற சொல்லைப் பார்த்ததும் மூடலாம்.

டெக்சாமெத்தசோன் கட்டுரையை மூட வேண்டாம். நம் கேள்வி "எந்த நோயாளிக்கு" என்பது. புரட்டும்போதே கண்ணில் பட்டிருக்கும்: நோயாளிகளைச் சுவாச உதவியின் அளவைப் பொறுத்து மூன்றாகப் பிரித்துக் காட்டும் படம் ஒன்று இருக்கிறது. அங்கேதான் உட்கார வேண்டும். இனி வேகம் வேண்டாம்.

அந்தப் படத்தில் மூன்று வரிசைகள். முதல் வரிசை, செயற்கை சுவாசக் கருவியில் இருந்தவர்கள். மருந்து பெற்ற 324 பேரில் 95 பேர் இறந்தார்கள், மருந்து பெறாத 683 பேரில் 283 பேர் இறந்தார்கள். சதவீதத்தில் 29.3, 41.4. நூறு பேருக்கு ஏறத்தாழ 12 உயிர்கள் வித்தியாசம். எட்டுப் பேருக்கு மருந்து கொடுத்தால் ஓர் உயிர் தப்புகிறது என்று வைத்துக்கொள்ளலாம். மருத்துவத்தில் இது மிகப் பெரிய பலன்.

இரண்டாவது வரிசை, கருவி இல்லாமல் ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்கள். 1279 பேரில் 298, 2604 பேரில் 682. அதாவது 23.3 சதவீதமும் 26.2 சதவீதமும். நூறு பேருக்கு மூன்று உயிர்கள். பலன் சிறிதாகிவிட்டது, ஆனால் இருக்கிறது.

மூன்றாவது வரிசை, ஆக்சிஜனே தேவைப்படாதவர்கள். மருந்து பெற்ற 501 பேரில் 89 பேரும், பெறாத 1034 பேரில் 145 பேரும் இறந்தார்கள். சதவீதத்தில் 17.8, 14.0. இங்கே கணக்கு தலைகீழாகிவிட்டது. மருந்து பெற்றவர்களிடையேதான் இறப்பு அதிகம்.

ஒவ்வொரு வரிசையின் வலப்பக்கத்திலும் ஒரு சிறு சதுரமும் அதன் குறுக்கே ஒரு கோடும் இருக்கும். நடுவில் 1 என்ற இடத்தில் செங்குத்தாக ஒரு கோடு இறங்குகிறது. சதுரம் செங்குத்துக் கோட்டுக்கு இடப்பக்கம் இருந்தால் மருந்து பெற்றவர்களிடம் இறப்பு குறைவு, வலப்பக்கம் இருந்தால் அதிகம். குறுக்குக் கோட்டின் நீளம், அந்தக் கணிப்பில் எவ்வளவு நிச்சயமின்மை இருக்கிறது என்பதைக் காட்டுகிறது. இதை நம்பிக்கை இடைவெளி என்பார்கள். முதல் வரிசையில் சதுரம் 0.64இல் இருக்கிறது, குறுக்குக் கோடு 0.51 முதல் 0.81 வரை. முழுக்கோடும் 1க்கு இடப்பக்கத்திலேயே அடங்கிவிடுவதால் பலன் உறுதி. மூன்றாவது வரிசையில் சதுரம் 1.19இல் இருக்கிறது, கோடு 0.92இலிருந்து 1.55 வரை நீள்கிறது. அது 1ஐத் தாண்டி இருபுறமும் கிடக்கிறது.

இந்தக் கடைசிக் கோட்டை எப்படிப் படிக்க வேண்டும் என்பதில்தான் பலரும் வழுக்குகிறார்கள். 1ஐத் தொட்டுவிட்டது, எனவே வித்தியாசம் இல்லை, எனவே கொடுத்தால் கெடுதல் இல்லை என்று போய்விடுவார்கள். கோடு சொல்வது அதுவல்ல. உண்மை நிலவரம் எட்டு சதவீதம் குறைவான இறப்பாகவும் இருக்கலாம், ஐம்பத்தைந்து சதவீதம் அதிகமான இறப்பாகவும் இருக்கலாம், இந்தத் தரவை வைத்து இரண்டையும் மறுக்க முடியாது என்கிறது. கோட்டின் பெரும்பகுதி கெடுதல் பக்கத்தில் கிடக்கிறது. பலன் இருப்பதாக எந்த அறிகுறியும் இல்லாமல் கெடுதலுக்கு இவ்வளவு இடம் விட்டிருக்கும் மருந்தை வீட்டில் இருக்கும் நோயாளிக்கு எப்படிக் கொடுப்பது? 2020 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொன்னது: தீவிர நோய்க்கு ஸ்டீராய்டு கொடுங்கள், தீவிரமில்லாத நோய்க்கு வேண்டாம்.

இத்தனையும் ஒரே படத்தில். ஆனால் படத்தைப் பார்த்ததும் இரண்டு சந்தேகங்கள் வர வேண்டும். வந்தால்தான் ஆய்வு முறை என்ற பகுதியைத் திறப்பதற்குக் காரணம் கிடைக்கும். காரணம் இல்லாமல் அந்தப் பகுதியைப் படிக்க யாராலும் முடியாது.

முதல் சந்தேகம் கணக்கு சம்பந்தப்பட்டது. 29.3ஐ 41.4ஆல் வகுத்துப் பாருங்கள், 0.71 வரும். கட்டுரையோ 0.64 என்கிறது. மொத்த நோயாளிகளுக்கும் அப்படித்தான். மருந்து பெற்றவர்களில் இறந்தவர்கள் 22.9 சதவீதம், பெறாதவர்களில் 25.7. வகுத்தால் 0.89, கட்டுரையில் 0.83. பலனைப் பெரிதாக்கிக் காட்டுகிறார்களா? பதில் ஆய்வு முறையிலும் முதல் அட்டவணையிலும் இருக்கிறது. குலுக்கல் முறையில் பிரித்தும்கூட, மருந்து பெற்ற குழுவின் சராசரி வயது மற்ற குழுவைவிட 1.1 ஆண்டு கூடுதலாக அமைந்துவிட்டது. கோவிட்டில் வயது கூடக் கூட இறப்பு வேகமாக ஏறும். வயதான குழுவையும் சற்று இளைய குழுவையும் நேருக்கு நேர் ஒப்பிட்டால் மருந்துக்கு அநியாயம் நடக்கும். எனவே வயதுக்கு ஏற்பச் சரிசெய்து கணக்கிட்டிருக்கிறார்கள், வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம் அதுதான். செய்ததை மறைக்காமல் எழுதியும் இருக்கிறார்கள். சரிசெய்யாத எண்களும் அதே படத்தில் இருந்ததால்தான் நம்மால் வகுத்துப் பார்க்க முடிந்தது. ஆள் கணக்கைக் கொடுக்காமல் சரிசெய்த விகிதத்தை மட்டும் கொடுக்கும் கட்டுரையில் இந்தச் சோதனையைச் செய்யவே முடியாது. அப்படிப்பட்ட கட்டுரை மீது எனக்கு நம்பிக்கை பாதியாகக் குறைந்துவிடும்.

இரண்டாவது சந்தேகம் இன்னும் முக்கியமானது. நோயாளிகளை மூன்றாகப் பிரித்தது யார், எப்போது? தரவு கையில் வந்த பிறகு வயதாகப் பிரித்து, ஆண் பெண்ணாகப் பிரித்து, இரத்த வகையாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டே போனால், ஏதாவது ஒரு பிரிவில் ஏதாவது ஒரு வித்தியாசம் தற்செயலாகவே தென்படும். அதை மட்டும் எடுத்துப் படமாகப் போட்டால் பார்ப்பவருக்குக் கண்டுபிடிப்பு போலத் தெரியும். எனவே ஆய்வு முறைப் பகுதியில் தேட வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: இந்தப் பிரிவுகள் முன்கூட்டியே திட்டமிடப்பட்டவையா? இந்தக் கட்டுரையில் அந்த வாக்கியம் இருக்கிறது. சுவாச உதவியின் அளவு, முன்பே அறிவித்த சில பிரிவுகளில் ஒன்று. கருவியில் இருந்தவர்களுக்குப் பெரிய பலன், ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களுக்குச் சிறிய பலன், எதுவும் தேவைப்படாதவர்களுக்குப் பலனே இல்லை என்று மூன்று வரிசையும் ஒரே திசையில் ஒழுங்காக நகர்வதும் இது தற்செயல் அல்ல என்பதற்கு வலுவூட்டுகிறது.

ஏன் இப்படி என்பதற்கு விளக்கம் விவாதப் பகுதியில் இருக்கிறது. முதல் அட்டவணையை மறுபடி பார்த்தால் அதன் விதை தெரியும். சுவாசக் கருவியில் இருந்தவர்களுக்கு அறிகுறி தொடங்கி நடுவாக 13 நாள் ஆகியிருந்தது, ஆக்சிஜன் பெற்றவர்களுக்கு 9 நாள், எதுவும் தேவைப்படாதவர்களுக்கு 6 நாள். நோயின் முதல் வாரத்தில் உடல் வைரஸோடு போராடிக்கொண்டிருக்கும். அப்போது நோய் எதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டைக் கொடுப்பது எதிரிக்கு உதவுவதாகிவிடலாம். இரண்டாம் வாரத்தில் நுரையீரலைப் பாழாக்குவது பெரும்பாலும் உடலின் சொந்தக் கொந்தளிப்பு, அதை அடக்க ஸ்டீராய்டு உதவுகிறது. ஆய்வாளர்கள் இதை நிதானமாக, ஒரு விளக்கமாகத்தான் முன்வைக்கிறார்கள். விவாதப் பகுதியை அப்படித்தான் படிக்க வேண்டும். முடிவுகள் பகுதியில் இருப்பது அளந்தது, விவாதத்தில் இருப்பது ஆய்வாளரின் கருத்து. செய்தி எழுதுபவர்கள் பெரும்பாலும் விவாதத்திலிருந்து வாக்கியத்தை எடுத்து, அளந்த உண்மை போல அச்சிட்டுவிடுகிறார்கள்.

ஆய்வு முறைப் பகுதியை முழுதாகப் படிக்கத் தேவையில்லை என்றாலும், இந்தக் கட்டுரையில் இன்னும் ஒரு விஷயத்தைத் தேடிப் பார்ப்பது நல்லது. யாருக்கு மருந்து போகிறது என்பது மருத்துவருக்கும் நோயாளிக்கும் தெரிந்தே நடந்த சோதனை இது, போலி மாத்திரை கிடையாது. வலி குறைந்ததா, உடம்பு தேவலையா என்று நோயாளியைக் கேட்டு அளக்கும் ஆய்வாக இருந்திருந்தால் இது பெரிய ஓட்டை. மருந்து சாப்பிட்டோம் என்ற நினைப்பே தேவலை என்று சொல்ல வைத்துவிடும். இங்கே அளந்தது இறப்பு, நினைப்பால் மாறாத விஷயம். அதனால் இந்த ஓட்டை பெரிதாகப் பாதிக்காது. இதே ஓட்டை வேறொரு கட்டுரையைக் குப்பையில் போட வைக்கலாம். ஆய்வில் குறை இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் எல்லா ஆய்விலும் இருக்கும். அந்தக் குறை, அளந்த பொருளைத் தொடுகிறதா என்று கேட்க வேண்டும்.

எதை அளக்கப் போகிறோம் என்பதை ஆய்வு தொடங்கும்போதே பதிவேட்டில் எழுதி வைப்பது இப்போது வழக்கம். இந்தியாவில் 2009 ஜூன் 15 முதல் மருத்துவப் பரிசோதனைகளை இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிவது கட்டாயம். ctri.nic.in தளத்தில் யார் வேண்டுமானாலும் தேடலாம். கட்டுரையின் ஆய்வு முறையில் பதிவு எண் இருக்கும். அதைத் தளத்தில் போட்டு, பதிந்தபோது முதன்மை அளவீடாக எதைச் சொன்னார்கள், கட்டுரையின் சுருக்கத்தில் எதைத் தலையில் தூக்கி வைத்திருக்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். பதிவேட்டில் இறப்பு என்று எழுதிவிட்டு, சுருக்கத்தில் இரத்தத்தில் ஏதோ ஒரு அளவு குறைந்தது என்று கொண்டாடினால், இறப்பில் பலன் கிடைக்கவில்லை என்று அர்த்தம். ஐந்து நிமிட வேலைதான், ஆனால் பல பக்கப் படிப்பைவிட இது அதிகம் சொல்லிவிடும்.

படிக்கும் பிரதி எது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இதே ஆய்வு 2020 ஜூன் 22இல் இணையத்தில் முன்பதிப்பாக வந்தபோது, ஆக்சிஜன் தேவைப்படாதவர்களில் இறப்பு 17.0 சதவீதம், 13.2 சதவீதம் என்று இருந்தது. இதழில் அச்சானபோது 17.8, 14.0 ஆனது. யாரும் எதையும் திருத்தி ஏமாற்றவில்லை. முன்பதிப்பு வந்த நேரத்தில் சில நோயாளிகளின் 28 நாள் விவரம் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். இருவர் ஒரே ஆய்வைப் படித்துவிட்டு வேறு வேறு எண்களைச் சொல்லிச் சண்டை போடுவதைப் பார்க்கும்போதெல்லாம் முதலில் கேட்க வேண்டியது, எந்தத் தேதியிட்ட பிரதி என்பதைத்தான்.

படித்து முடித்ததும், நம் கேள்விக்கான பதிலை இரண்டு வாக்கியத்தில் எழுதி, அது எந்தப் படத்திலிருந்து வந்தது என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். "ஆக்சிஜன் தேவைப்படும் மருத்துவமனை நோயாளிகளுக்கு டெக்சாமெத்தசோன் 6 மில்லிகிராம் இறப்பைக் குறைக்கிறது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை, கெடுதல் இருக்கலாம்." இப்படி எழுத முடியவில்லை என்றால் படித்தது போதவில்லை. அப்போதும் முதல் பக்கத்துக்குத் திரும்ப வேண்டாம், அதே படத்துக்குத் திரும்புங்கள்.

நீண்ட அரசு அறிக்கைகளுக்கும் இந்த முறை பொருந்தும், ஆனால் அறைகள் வேறு. இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் செயல்திறன் தணிக்கை அறிக்கை ஒன்றை எடுத்தால், நூறு பக்கத்துக்கு மேல் போகும். அதன் தொடக்கச் சுருக்கத்தைப் படித்துவிட்டு நேராகத் தணிக்கையின் எல்லை, முறை என்ற பகுதிக்குப் போக வேண்டும். எந்த ஆண்டுகள், எந்த மாவட்டங்கள், எத்தனை அலுவலகங்களைச் சோதித்தார்கள் என்பது அங்கே இருக்கும். சில மாவட்டங்களை மட்டும் மாதிரியாக எடுத்திருந்தால், கண்டறிந்த தொகையை மாநிலம் முழுவதற்குமானதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நாளிதழ்களில் இந்தத் தவறு சர்வசாதாரணம்.

பிறகு நமக்கு வேண்டிய பத்தியைக் கண்டுபிடித்து, அதன் கடைசி வரிகளை முதலில் படியுங்கள். துறை என்ன பதில் சொன்னது, அந்தப் பதிலைத் தணிக்கை ஏற்றதா இல்லையா, ஏற்கவில்லை என்றால் ஏன் என்பது அங்கேதான் வரும். குற்றச்சாட்டை மட்டும் படித்துவிட்டு மேடையில் முழங்குபவரிடமும், துறையின் மறுப்பை மட்டும் படித்துவிட்டுச் சமாளிப்பவரிடமும் இந்த நான்கு வரியைக் காட்டினால் பேச்சு நின்றுவிடும். உங்கள் மாவட்டத்தின் பெயர் பெரும்பாலும் உள்ளே இருக்காது, கடைசியில் உள்ள பிற்சேர்க்கை அட்டவணைகளில் தேடுங்கள்.

அடுத்த முறை வாட்ஸ்அப்பில் "ஆய்வு நிரூபித்துவிட்டது" என்று ஒரு செய்தி வந்தால், பகிர்வதற்கு முன் அந்த ஆய்வைத் தேடி எடுத்து, தலைப்பையும் முக்கியமான ஒரு படத்தையும் மட்டும் பாருங்கள். பயிற்சிக்கு டெக்சாமெத்தசோன் கட்டுரையே நல்லது. RECOVERY dexamethasone என்று தட்டச்சு செய்து தேடினால் கிடைக்கும், மெட்ஆர்கைவ் தளத்தில் உள்ள முன்பதிப்பு எல்லோருக்கும் இலவசம்.